நார்வேயில் இருக்கும் பேனா நண்பிக்குத் தென்காசியின் பருவங்களை எப்படி எழுதுவது?

பொதிகையடி

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. நார்வேயில் பேர்கன் என்ற ஊரில் இருக்கும் ஒரு பெண்ணுடன் கடிதத் தொடர்பு ஏற்பட்டிருக்கிறது. அந்தப் பெண் அங்கேயே பிறந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை, வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். போன கடிதத்தில், "இங்கே மழை பெய்யாத நாளே குறைவு. உங்கள் ஊரில் எப்போது மழை பெய்யும், எப்போது குளிரும்?" என்று கேட்டிருந்தாள். அதற்கு என் மகள் எழுதிய வரைவு இது:

"அன்புள்ள தோழிக்கு, எங்கள் ஊரில் வசந்தகாலம், கோடைக்காலம், இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பருவங்கள் உண்டு. வசந்தத்தில் பூக்கள் பூத்துக் குலுங்கும். கோடையில் வெயில் சுட்டெரிக்கும். இலையுதிர்காலத்தில் இலைகள் உதிரும். குளிர்காலத்தில் பகல் மிகவும் குறுகி, கடுங்குளிர் அடிக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இடைவிடாது கனமழை பெய்யும். அதனால் குற்றால அருவிகளில் தண்ணீர் கொட்டும்..."

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தென்காசியில் நாற்பது வருடமாக இருக்கிறேன், இலையுதிர்காலத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் "அப்போ எத்தனை பருவம், நீங்களே சொல்லுங்கப்பா" என்று திருப்பிக் கேட்டாள். என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இதை நம் ஊருக்குப் பொருந்துகிற மாதிரி எப்படி எழுதச் சொல்வது?

தேர்வுத்தோழன்

கடிதத்தில் இடம், நாள் இரண்டும் வலப்பக்க மேல் மூலையில் வர வேண்டும். விளித்தல் தனி வரி. முடிவில் "இப்படிக்கு, உன் அன்புத் தோழி". உறைமேல் முகவரியைக் கட்டம் போட்டு எழுத வேண்டும், அதை விட்டால் மதிப்பெண் போய்விடும். பொருளுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை, வரைவே நன்றாகத்தான் இருக்கிறது.

பொதிகையடி

நன்றி தம்பி. இது தேர்வுக்கு இல்லை, நிஜமாகவே தபாலில் போகப்போகிற கடிதம். உறையை எழுதி ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. உள்ளே வைக்கிற விஷயம்தான் தகராறு.

குற்றாலக்கிளி

நான்கு பருவம் தப்புதான். ஆனால் மழை பற்றி அவள் எழுதியது சரி. தமிழ்நாட்டில் மற்ற ஊர்களுக்குத்தான் வடகிழக்குப் பருவமழை. தென்காசி அப்படி இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழை நேராக உள்ளே வந்துவிடும். கேரளாவில் ஜூன் 1 வாக்கில் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் நமக்குச் சாரல். ஆகவே நம்முடைய மழைக்காலம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஐப்பசி மழை சென்னைக்காரர்களுடையது. இதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

மழைக்குறிப்பு

கணவாய் பற்றிக் கிளி சொன்னது சரி. அதிலிருந்து வந்து சேர்ந்த முடிவு சரியில்லை.

பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் மழைமானி வைத்துத் தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் குறிக்கிறேன். அரசு நிலையங்களிலும் காலை எட்டரைக்குத்தான் முந்தைய 24 மணி நேர மழையை எடுப்பார்கள். என் நோட்டில் ஒரு ஜூலை வாரத்தை அப்படியே தருகிறேன். அந்த ஏழு நாளும் சாரல்தான், துணி காயவில்லை, பிள்ளைகள் நனைந்துகொண்டேதான் பள்ளிக்குப் போனார்கள். மழைமானியில் விழுந்தது மி.மீ. கணக்கில் 1.2, 0.8, 3.4, அடுத்த நாள் அளக்க முடியாத ஈரம், பிறகு 2.0, 4.6, 0.6. மொத்தம் 12.6. வானிலைத் துறைக் கணக்கில் ஒரு நாளை மழை நாள் என்று சொல்ல 2.5 மி.மீ. வேண்டும். அந்த அளவுகோலைப் போட்டால், நாங்கள் ஏழு நாளும் குடை பிடித்த வாரத்தில் மழை நாள் இரண்டே இரண்டு.

அதே நோட்டில் நவம்பரில் ஒரு நாள் இருக்கிறது. காலையில் வெயில். மூன்று மணிக்குக் கிழக்கே இருட்டியது. நாலரைக்குப் பிடித்த மழை ஆறு மணிக்கு விட்டது. ஒன்றரை மணி நேரத்தில் 62 மி.மீ. ஜூலையில் ஒரு வாரம் முழுக்க நனைந்ததைப் போல ஐந்து மடங்கு, ஒரே மாலையில்.

தென்காசிக்கும் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இருப்பது சாரல் காலம். "இடைவிடாது" என்று மகள் எழுதியது உண்மை. "கனமழை" என்றதுதான் தவறு.

குற்றாலக்கிளி

ஐயா, அப்படியென்றால் ஜூலையில் ஐந்தருவியில் ஐந்து கிளையும் கொட்டுவது எதனால்? 12 மி.மீ. சாரலிலா அத்தனை தண்ணீர்?

மழைக்குறிப்பு

நல்ல கேள்வி. அந்தத் தண்ணீர் ஊரில் பெய்தது இல்லை, மலை மேலே பெய்தது.

மேற்கே கடலிலிருந்து வரும் காற்று மலையின் கேரளப் பக்கத்தில் ஏறும்போதே குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. உச்சியிலும் நன்றாகப் பெய்கிறது. உச்சியைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதே காற்று சூடாகிவிடும், மேகம் கரையும். மலையின் கிழக்கே பெரும்பாலான ஊர்கள் அந்த மாதங்களில் காய்ந்து கிடப்பது இதனால்தான். நமக்கு மட்டும் செங்கோட்டைப் பக்கம் மலை தாழ்ந்திருப்பதால் மேகத்தின் வால் ஒன்று கரைவதற்குள் தப்பி வந்துவிடுகிறது. அதிலிருந்து உதிர்கிற பொடித் துளிகள்தான் சாரல். காற்று வேகமாக இருப்பதால் துளி நேராக விழாது, படுக்கை வாக்கில் வரும். குடை பிடித்தாலும் முழங்காலுக்குக் கீழே நனைவது அதனால்தான். பேருந்தில் கிழக்கே போய்ப் பாருங்கள். பாவூர்சத்திரம் வரும்போது சாரல் மெலிந்திருக்கும், ஆலங்குளம் போனால் வெயில், தூசி, காற்று மட்டும்.

மலை உச்சியில் விழுந்த மழையில் ஒரு பங்கு கிழக்குச் சரிவில் வடிந்து அருவியாக இறங்குகிறது. அதனால்தான் ஊரில் ஒரு சொட்டு விழாத நாளிலும் மெயினருவியில் தண்ணீர் விழும். அந்தப் பெண்ணுக்கு இதை எழுதினால் படத்தைப் பார்த்த மாதிரி புரியும்.

என் அளவிலும் ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். காற்றோடு வருகிற சாரலை மழைமானி முழுசாகப் பிடிக்காது. முதலில் மொட்டை மாடியில் வைத்திருந்தேன், அங்கே காற்று சுழன்று துளிகளை வாய்க்கு மேலாகவே தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு தோட்டத்தில், சுவருக்கும் மரத்துக்கும் தள்ளித் தரையோடு வைத்தேன். அளவு கொஞ்சம் கூடியது. ஆகவே 12.6 என்பது 15 ஆகக்கூட இருந்திருக்கலாம். 60 ஆக இருந்திருக்காது.

பட்டணத்தான்

நான் சென்னை. எங்கள் ஊருக்கு இரண்டே பருவம்தான். வெயில், அதிக வெயில். இந்த மே மாதம் எங்கள் வீட்டு ஏசி இரண்டு தடவை மக்கர் செய்தது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி, அந்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கத்திரி முடிந்தும் அப்படி. ஜூனில் நீங்கள் சாரலில் நனைகிறீர்கள் என்று படிக்கும்போது வயிறு எரிகிறது சார்.

மழைக்குறிப்பு

வயிறு எரிய நியாயம் உண்டு, ஏனென்றால் இரண்டும் ஒரே காற்று. மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வீசுகிற காற்று எங்களுக்கு மேகத்தின் வாலைக் கொண்டுவருகிறது. அதே காற்று நிலம் முழுக்கக் கடந்து சூடேறி உங்களிடம் வருகிறது, போதாததற்கு உங்கள் கடற்காற்றையும் உள்ளே விடாமல் தள்ளி நிறுத்துகிறது. சென்னையில் கடற்காற்று நண்பகலிலேயே நுழைந்தால் அன்று தப்பித்தீர்கள். மூன்று மணி வரை வரவில்லை என்றால் 40ஐத் தாண்டும்.

பொதிகையடி, மகளுக்கு இதைச் சொல்லுங்கள். நம் ஊரில் பருவம் மாறியதை மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, காற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேலக்காற்று அடித்தால் ஒரு பருவம், அது நின்று கிழக்கிலிருந்து கொண்டல் திரும்பினால் இன்னொன்று.

வடகடல்

பேர்கனில் இருந்து எழுதுகிறேன், தற்செயலாக இந்த இழை கண்ணில் பட்டது. சொந்த ஊர் யாழ்ப்பாணம். அங்கேயும் ஐப்பசி, கார்த்திகைதான் மழை, ஆகவே ஆசிரியர் ஐயா சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது.

ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. எங்கள் வீட்டிலும் இரண்டு பேர் இருக்கினம். பேர்கனில் வருஷத்துக்கு 2000 மி.மீ.க்கு மேல் பெய்யும், ஐரோப்பாவில் மழைக்குப் பேர் போன நகரங்களில் இதுவும் ஒன்று. எல்லா மாதமும் பெய்யும். "மழைக்காலம்" என்று ஒரு தனிக் காலம் இருக்கும் என்பதே இங்கத்தைய பிள்ளைக்குப் புதினமான விஷயம். அதோடு இங்கே மழைக்குப் பள்ளிக்கூடம் மூட மாட்டார்கள். மழை விடுமுறை என்று எழுதினால் அந்தப் பிள்ளை நம்ப மாட்டாள், ஆனால் அதைத்தான் விரும்பி வாசிப்பாள்.

இன்னொன்று. "குளிர்காலத்தில் பகல் மிகவும் குறுகி" என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடச் சொல்லுங்கள். இங்கே டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணித்தியாலம்கூட வராது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போய் இருட்டில் வீடு வருவார்கள். ஜூனில் பத்தொன்பது மணித்தியாலம் வெளிச்சம், நித்திரை கொள்ள யன்னலுக்குத் தடித்த திரை போட வேணும்.

மழைக்குறிப்பு

மிக்க நன்றி. தென்காசி ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருக்கிறது. நமக்கு மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம், மிகக் குறுகியது சுமார் 11 மணி 35 நிமிடம். வருடம் முழுக்க வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மார்கழியில் சீக்கிரம் இருட்டுகிற மாதிரி தோன்றுவதற்கு மேற்கே மலை நிற்பதும் ஒரு காரணம். சூரியன் அடிவானத்துக்குப் போகும் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும்.

"கடுங்குளிர்" என்பதையும் மகள் எடுத்துவிடலாம். மார்கழி அதிகாலையில் இங்கே 20, 21 டிகிரி இருந்தாலே நாம் மப்ளர் கட்டிவிடுகிறோம். பேர்கனில் ஜூலை நடுப்பகலே பல நாள் அதைவிடக் குளிராக இருக்கும்.

வடகடல்

உண்மை. 21 டிகிரி என்றால் இங்கே சட்டையைக் கழற்றிவிட்டுப் பூங்காவில் படுப்பார்கள்.

கார்பிசானம்

நான் விவசாயி, சித்தாற்றுப் பாசனம். பருவம் எத்தனை என்று எங்களைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். கார், பிசானம். மேலே மலையில் பெய்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஆனி, ஆடியில் நடுவது கார். ஐப்பசி மழையில் குளம் பெருகியதும் நடுவது பிசானம், தை மாசியில் அறுப்பு. பிசானம்தான் பெரிய போகம். வாத்தியார் நோட்டில் மி.மீ.யில் எழுதி வைத்திருப்பதை எங்கள் குளம் மடையில் எழுதி வைத்திருக்கிறது. சாரலில் குளம் பெருகி நான் பார்த்ததில்லை. கொண்டல் மழைக்குத்தான் மறுகால் பாயும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. சாரல் காலத்தில் அருவித் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஐப்பசியில் காவி நிறத்தில் மண்ணும் சுள்ளியுமாக வரும், ஆர்ச்சையும் தாண்டும், குளிக்கவே விட மாட்டார்கள். அதே அருவிதான். நிறத்தைப் பார்த்தே எந்தக் காற்று அடிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

குற்றாலக்கிளி

சரி, ஒத்துக்கொள்கிறேன். சீசனுக்குக் கூட்டம் வருவதைப் பார்த்து அதுதான் மழைக்காலம் என்று நினைத்துவிட்டேன். ஆனால் காருக்கு ஒரு சந்தேகம். தொல்காப்பியத்துப் பெரும்பொழுதில் கார்காலம் ஆவணி, புரட்டாசி. அண்ணாச்சி ஆனி, ஆடியில் நடுவதைக் கார் என்கிறார். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம், அதாவது குளிர். அப்படியானால் நம்முடைய பெரிய மழைக்குப் பழைய கணக்கில் பெயரே இல்லையா? பேசாமல் அந்த ஆறு பருவத்தையும் அப்படியே எழுதிவிடலாமே, இளவேனில், முதுவேனில் என்று. வெளிநாட்டுப் பிள்ளைக்கு அழகாக இருக்கும்.

கார்பிசானம்

நட்டது ஆனி, ஆடி. அறுப்பது புரட்டாசி. எதை வைத்துப் பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, எங்கள் தாத்தாவுக்கும் தெரியாது.

மழைக்குறிப்பு

ஆறு பெரும்பொழுதும் பிரித்த விதம் அழகுதான். ஆனால் நம் ஊர் வானத்தோடு மாதத்துக்கு மாதம் ஒட்டாது. முதுவேனில் என்பது ஆனி, ஆடி. தென்காசியில் அப்போதுதான் வருடத்திலேயே இதமான காற்று. மகள் அதை "கடுங்கோடை" என்று விளக்கினால் அடுத்த வரியில் சாரலை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? பாடலுக்கு ஒரு கணக்கு, நோட்டுக்கு ஒரு கணக்கு. கூதிரை வெறும் குளிர் என்று சொல்வதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை, வாடைக் காற்றும் மழையும் சேர்ந்த குளிர் அது. இதைத் தமிழாசிரியர் யாராவது வந்து சொல்லட்டும்.

பொதிகையடி

எல்லாவற்றையும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு கேள்வி கேட்டாள். "ஐப்பசி மழைதான் பெரியது என்று எழுதினால், அது ஒவ்வொரு வருஷமும் அப்படியே வருமா? நான் எழுதிவிட்டு, இந்த வருஷம் வரவில்லை என்றால்?"

மழைக்குறிப்பு

கெட்டிக்காரப் பெண். வராமலும் போகும். சாரல் கேரளத்து மழையின் மிச்சம். அங்கே பலமாக இருந்தால் இங்கேயும் வரும், அங்கே மந்தமானால் நமக்கு வெறும் காற்றுத்தான், சீசன் படுத்துவிடும். ஐப்பசி மழை வேறு ஜாதி. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு எங்கே உருவாகி எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்தது. வடக்கே ஆந்திராவுக்குத் திரும்பிவிட்டால் நமக்கு வறண்ட மேகம். குமரிக்கடல் பக்கம் வந்து நின்றால் ஒரே நாளில் தலைகீழ். 2023 டிசம்பர் 17, 18இல் பார்த்தோமே. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அதற்குள் மார்கழி பிறந்தாயிற்று, "மழைக்காலம் முடிந்தது" என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

ஆகவே "வழக்கமாக" என்ற சொல்லைப் போடச் சொல்லுங்கள். தேதி போட்டு எழுத வேண்டாம்.

பட்டணத்தான்

முன்பு சாரல் மூன்று மாதம் அடிக்கும், இப்போது குறைந்துவிட்டது என்று என் மாமனார் (கடையநல்லூர்) சொல்கிறார். அதையும் எழுதலாமே?

மழைக்குறிப்பு

என் வயதுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். என் நோட்டில் நல்ல வருடமும் மோசமான வருடமும் மாறி மாறி இருக்கிறதே தவிர, ஒரே சீராகக் குறைந்ததாக என்னால் காட்ட முடியவில்லை. மேலும் சாரலைத்தான் மழைமானி சரியாகப் பிடிப்பதில்லை என்று முன்பே சொன்னேன். மாமனார் சொன்னதாக வேண்டுமானால் எழுதலாம்.

கார்பிசானம்

குறைந்துதான் இருக்கிறது. நோட்டில் இல்லை என்றால் நோட்டை மாற்றுங்கள் வாத்தியாரே.

பொதிகையடி

மகளின் இரண்டாவது வரைவு. நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன்.

"அன்புள்ள தோழிக்கு, உங்கள் ஊரில் எல்லா மாதமும் மழை என்று எழுதியிருந்தாய். எங்கள் ஊரில் மழை இரண்டு விதம். அது எந்தத் திசையிலிருந்து காற்று வருகிறது என்பதைப் பொறுத்தது.

எங்கள் ஊருக்கு மேற்கே பெரிய மலை இருக்கிறது. வழக்கமாக ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்தப் பக்கமிருந்து மேலக்காற்று வரும். கதவெல்லாம் தானாக அடித்துக்கொள்ளும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் பெரிய மழை பெய்து, மிச்சம் மட்டும் எங்களுக்கு வரும். அதற்குச் சாரல் என்று பெயர். அது மேலிருந்து விழாது, பக்கத்திலிருந்து வரும். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும்போதும் வரும், அப்போது காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று சொல்வோம். சாயங்காலம் கிழக்கே வானவில் தெரியும். நாள் முழுக்க நனைந்தாலும் ஒரு டம்ளரில் பிடித்தால் அடிப்பாகம்கூட நிறையாது. ஆனால் மலையில் பெய்த தண்ணீர் அருவியாக வரும், அதில் குளிக்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள்.

அக்டோபரில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வரும். அதற்குக் கொண்டல் என்று பெயர். காலையில் வெயில் அடிக்கும், பள்ளி விடுகிற நேரத்தில் இடி இடித்துக் கொட்டும். அதுதான் பெரிய மழை. குளம் நிறையும். ரொம்பப் பெய்தால் எங்களுக்கு விடுமுறை. உங்களுக்கு விடுமுறை கிடையாதாமே, பாவம். சில வருஷம் இந்த மழை வராமலும் போகும்.

ஜனவரியில் காலையில் பனி. எங்களுக்குக் குளிரும், உனக்குக் குளிராது. மார்ச் முதல் மே வரை வெயில், அப்போது மட்டும் நீ வராதே. பகல் எப்போதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ராத்திரியே வராத உங்கள் ஜூன் மாதத்தைப் பற்றி நீ எழுது."

வடகடல்

அருமை. ஒரு சின்னத் திருத்தம், பேர்கனில் ஜூனிலும் சூரியன் மறையும். முழு இரவும் சூரியன் நிற்பது இன்னும் வடக்கே, துரோம்சோ பக்கம். இங்கே நள்ளிரவிலும் வானம் வெளுப்பாக இருக்கும், அவ்வளவுதான். "ராத்திரியே வராத" என்பதை "ராத்திரி இருட்டாத" என்று மாற்றினால் சரி.

கார்பிசானம்

கோடை மழையை விட்டுவிட்டாளே. சித்திரையில் மத்தியானம் மலையில் இடித்து ஒரு மழை பெய்யுமே, அதை எந்தக் காற்றில் சேர்ப்பது வாத்தியாரே?

மழைக்குறிப்பு

இரண்டிலும் சேராது. அது அன்றைய வெயிலே கிளப்பிய மழை, காலையில் தரை காய்ந்து, மதியம் மலையில் மேகம் ஏறி, மாலையில் அங்கேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு தெருவில் பெய்யும், அடுத்த தெருவில் பெய்யாது. கடிதத்தில் இடம் இருந்தால் மே மாதத்து வரிக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கட்டும்.

பொதிகையடி

இடம் இல்லை. இரண்டு தாளுக்கு மேல் போனால் கூடுதல் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்கிறாள். கோடை மழை அடுத்த கடிதத்தில் போகுமாம்.